சம்பளப் பட்டியலை இன்னொருவர் கையில் கொடுத்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கடைகள், விருந்தினர் விடுதிகள், ஒன்றிரண்டு தனியார் கல்வி நிலையங்கள் என்று பலருக்கு மாதாமாதம் சம்பளப் பட்டியல் தயாரித்து, ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி என்பவற்றுக்குரிய படிவங்களையும் செய்து கொடுக்கிறோம். நாங்கள் எல்லோரும் அதை ஈ.பி.எப், ஈ.ரி.எப் என்றுதான் சொல்வோம். இந்த வேலையை முதன்முறையாக ஒரு இளையவரிடம் ஒப்படைக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. வேலை வேறாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

எனக்குக் கீழே ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்திருக்கிறா. எந்த வேலையை முதலில் கொடுக்கலாம்?

ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாதச் சம்பள வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கொடுங்கள். ஊழியர்கள் வேலைக்கு வந்த நாட்களின் வரவுப் பதிவு கேட்டு வாங்குவது, சம்பளம் கணக்கிடுவது, ஈ.பி.எப் படிவம் நிரப்புவது, பணம் கட்டிய பற்றுச்சீட்டைக் கோப்பில் போடுவது என்று எல்லாமே அவருடையதாக இருக்கட்டும்.

பலர் இதற்கு மாறாகச் செய்கிறார்கள். ஐந்து வாடிக்கையாளர்களின் வரவுப் பதிவுகளைத் தட்டச்சு செய்யும் துண்டு வேலையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். அப்படிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்குத் தான் போட்ட எண் எங்கே போய்ச் சேருகிறது என்றே தெரியாது. ஒரு ஊழியரின் அங்கத்தவர் இலக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் அவருடைய பணம் அவருடைய கணக்கில் சேராது என்பதை, படிவத்தை ஒரு முறையாவது தானே நிரப்பினவர்தான் உணர்வார்.

தொடங்குவதற்கு இருபது, இருபத்தைந்து ஊழியர்கள் உள்ள, அடிக்கடி ஆள் மாறாத ஓர் இடம் நல்லது. ஐந்து பேர் உள்ள கடையைக் கொடுத்தால் கற்றுக்கொள்ள அங்கே ஒன்றும் இராது.

கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? நான் செய்கிற மாதிரியே செய்யச் சொல்லலாமா?

நான் முதலில் முடிவைச் சொல்வேன். "ஆடி மாதச் சம்பளத்துக்குரிய ஈ.பி.எப் பணம் ஓகஸ்ட் 20ஆம் திகதிக்குள் கட்டி, பற்றுச்சீட்டு கோப்பில் இருக்கவேணும்." சட்டப்படி அடுத்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. 20 என்பது நாங்கள் வைத்துக்கொண்ட திகதி. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏன் பதினொரு நாள் இடைவெளி என்பதையும் சொல்லுங்கள். உள் திகதியைத்தான் உண்மையான கடைசி நாள் என்று சொல்லி வைத்தால், ஒரு நாள் அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரியவரும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் திகதியையும் அவர் நம்பமாட்டார்.

அடுத்தது எல்லை. எதை அவரே முடிவெடுக்கலாம், எதில் நின்று என்னைக் கேட்க வேண்டும் என்பது. எங்கள் அலுவலகத்தில் இப்படி: வரவுப் பதிவு குறையாக வந்தால் வாடிக்கையாளரை அவரே தொலைபேசியில் கூப்பிடலாம், திருப்பியும் அனுப்பலாம், என்னிடம் கேட்கத் தேவையில்லை. ஆனால் யாருடைய அடிப்படைச் சம்பளமாவது கடிதம் இல்லாமல் மாறியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். முதலாளி நேரே தொலைபேசியில் சொன்னாலும் எழுத்தில் வரும் வரை மாற்றக்கூடாது. இதை நான் வாயால் சொல்வதோடு விடுவதில்லை, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுதி வைத்த எல்லை இருந்தால்தான் "மன்னிக்கவேணும் ஐயா, கடிதம் இல்லாமல் செய்ய ஏலாது" என்று ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையால் கடை முதலாளியிடம் சொல்ல முடியும்.

செய்முறையை அவரிடமே விடுங்கள். நான் எக்செலில் ஊழியர்களைப் பெயர் வரிசையில் வைப்பேன், இப்போது செய்யும் தங்கச்சி அங்கத்தவர் இலக்க வரிசையில் வைக்கிறார். படிவத்தோடு ஒப்பிட அவருடைய வழிதான் சுலபம் என்று பிறகு நானும் கண்டுகொண்டேன்.

இடையில் பார்க்காமல் இருக்கவும் பயம். பார்த்தால் நம்பவில்லை என்று நினைப்பாவோ என்றும் பயம். எப்போது பார்ப்பது?

பார்க்கப் போகும் நாட்களை வேலை கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லி வைத்த நாளில் பார்ப்பதை யாரும் சந்தேகமாக எடுப்பதில்லை. மனதை நோகச் செய்வது திடீரென்று நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பதுதான்.

எத்தனை முறை பார்ப்பது என்பதை விட எந்த இடத்தில் பார்ப்பது என்பது முக்கியம். பிழை நடந்திருந்தால் இன்னும் சுலபமாகத் திருத்தக்கூடிய கடைசி இடம் எது என்று யோசியுங்கள். சம்பள வேலையில் அப்படி மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று, கணக்குத் தொடங்கும் முன் ஆட்கணக்கு. இரண்டாவது, பட்டியல் வாடிக்கையாளரின் கையொப்பத்துக்குப் போகும் முன் மொத்தத் தொகை. மூன்றாவது, பணம் கட்டியபின் பற்றுச்சீட்டு. இந்த மூன்றுக்கும் வெளியே நான் கோப்பைத் திறப்பதில்லை.

ஒரு ஆடி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எண்களை மாற்றியிருக்கிறேன், நடந்த விதம் அதுதான்.

வாடிக்கையாளர் ஒரு புடைவைக் கடை. ஆனியில் 24 ஊழியர்கள். ஈ.பி.எப் கணக்கிடுவதற்குரிய மொத்த வருமானம் 1,068,000 ரூபா. ஆனி முடிவில் இரண்டு பேர் விலகினார்கள், ஒருவருக்கு 38,000, மற்றவருக்கு 41,000. ஆடி முதலாம் திகதி ஒருவர் 46,000 ரூபாவுக்குச் சேர்ந்தார். முதல் இடத்தில், 25ஆம் திகதி, தங்கச்சி ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தார்: 24 பேர், இரண்டு கழிய, ஒன்று கூட, 23 பேர். விலகியவர்களின் கடிதங்களும் சேர்ந்தவரின் நியமனக் கடிதமும் இணைத்திருந்தார். ஐந்து நிமிடத்தில் அது முடிந்துவிட்டது.

அந்த மூன்று சம்பளங்களையும் வைத்து, வேறு மாற்றம் எதுவும் இல்லாததால், ஆடி மாதத் தொகை எவ்வளவாக வரவேண்டும் என்று நான் என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். 1,068,000 இலிருந்து 79,000 கழித்து 46,000 கூட்டினால் 1,035,000. அவருடைய கணக்கை நான் இன்னும் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்க்கும் முன் எதிர்பார்க்கும் எண்ணை எழுதி வைப்பதுதான் என்னுடைய முறை. பார்த்த பிறகு யோசித்தால் எந்த எண்ணும் சரி போலத்தான் தெரியும்.

29ஆம் திகதி, இரண்டாவது இடம். பட்டியலில் மொத்தம் 1,099,000 என்று இருந்தது. அதில் 20 வீதம் 219,800 என்று ஈ.பி.எப் போட்டிருந்தார். ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து 20. பெருக்கல் சரி. பெருக்கலை மட்டும் பார்த்திருந்தால் நான் கையொப்பம் வைத்திருப்பேன். அடித்தொகைதான் பிழை, 64,000 ரூபா கூடுதலாக இருந்தது.

நான் சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சி, நான் 1,035,000 எதிர்பார்த்தனான். 64,000 எங்கேயிருந்து வருகுது எண்டு பாருங்கோ." அரை மணித்தியாலத்தில் வந்தார். "அக்கா, ஓவர்டைம் நிரலையும் சேர்த்துக் கூட்டிப் போட்டன்." ஆடித் தள்ளுபடி விற்பனைக்காக அந்த மாதம் கடையில் ஓவர்டைம் நிறைய இருந்தது. அடிப்படைச் சம்பளத்துக்கும் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவுக்கும் ஈ.பி.எப் உண்டு, ஓவர்டைம் கொடுப்பனவுக்கு இல்லை. அதற்கு முன் மாதங்களில் அந்த நிரல் வெறுமையாக இருந்ததால் இந்தப் பிழை வெளிப்படவேயில்லை. திருத்திய பிறகு ஈ.பி.எப் 207,000, முதலாளி கட்டும் 3 வீத ஈ.ரி.எப் 31,050.

அந்த இடத்தில் பார்க்காமல் விட்டிருந்தால் 23 ஊழியர்களின் சம்பளத்திலும் கூடுதலாக வெட்டுப்பட்டிருக்கும். அதன் பிறகு திருத்துவதென்றால் ஒவ்வொருவருக்கும் பணம் திருப்பிக் கொடுத்து, படிவத்தையும் மாற்ற வேண்டும். நான் செலவழித்தது பத்து நிமிடம்.

"எப்படிப் போகுது?" என்று கேட்டால் எப்போதும் "ஓம், நல்லாப் போகுது" என்றுதான் பதில். பிறகு பார்த்தால் பாதி வேலை கிடக்கிறது. பொய் சொல்கிறாவா?

இல்லை. எங்கள் ஊரில் மூத்தவர் ஒருவர் "எப்படிப் போகுது?" என்று கேட்டால் அதற்கு மரியாதையான பதில் அது ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு "போகேல்லை" என்று சொல்ல வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் யாரும் பழக்கியதில்லை.

கேள்வியை மாற்றுங்கள். "23 பேரில் எத்தனை பேரின்ர வரவுப் பதிவு கையில இருக்கு?" என்று கேட்டால் அதற்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது. எண்தான் சொல்ல வேண்டும். 15 என்று வந்தால் அடுத்த கேள்வி, "மிச்சம் எட்டும் யாரிட்ட நிக்குது?" கடை மேலாளரிடம் என்றால் அது தங்கச்சியின் பிந்தல் இல்லை, அவருக்கு என்னால் உதவ முடிந்த ஒரு விடயம்.

இன்னொன்று. 15 என்று உண்மை சொன்ன நாளில் உங்கள் முகம் மாறினால் அடுத்த மாதம் உங்களுக்கு 23 என்று பதில் வரும். நான் அந்த நேரம் "சரி, எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லும் நாளைக் குறித்துக்கொள்வேன். நாளை அவர் சொல்வது முக்கியம். நான் சொன்ன திகதி தவறினால் அது என் திகதியாகவே இருக்கும்.

பிழையைக் கண்டால் நானே திருத்திவிடலாமா? அது இரண்டு நிமிட வேலை, சொல்லி விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போகும்.

நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதனால் வந்த விளைவையும் சொல்கிறேன். முதன்முதலில் இந்த வேலையை ஒரு தம்பியிடம் கொடுத்த வருடம், அவர் போன பிறகு மாலையில் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு, பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவேன். அவரை நோகச் செய்யக்கூடாது என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் பிழைகள் குறையவில்லை, கூடியிருந்தன. ஒரு நாள் நிரலின் மொத்தமே போடாமல் பட்டியல் வந்தது. கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: "அக்கா எப்படியும் பார்ப்பா எண்டு விட்டிட்டன்."

அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியாகச் சரிபார்ப்பது தன் வேலை இல்லை என்று அவருக்கு ஒவ்வொரு மாலையும் பழக்கியது நான்தான். ஒருவருக்குத் தன் பிழை திரும்பி வரவே இல்லையென்றால் அப்படி ஒரு பிழை இருந்ததே அவருக்குத் தெரியாது.

இப்போது நான் பேனாவை எடுப்பதில்லை. வித்தியாசத்தின் தொகையை மட்டும் சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுப்பேன். எந்த வரியில் பிழை என்று தெரிந்தாலும் சொல்வதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அன்றே பணம் கட்ட வேண்டிய நாளாக இருந்தால் நானே திருத்துவேன், ஆனால் அவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் பார்த்துக்கொண்டிருக்கத் திருத்துவேன்.

கடைசியில் பிழை வெளியே போய்விட்டால் யார் பொறுப்பு? அவவா, நானா?

வாடிக்கையாளரிடம் பதில் சொல்வது நான். அதில் பேச்சே இல்லை. "அந்தப் பிள்ளை விட்ட பிழை" என்று வெளியே சொல்பவர் வேலையை ஒப்படைக்கவில்லை, பழியைத்தான் ஒப்படைத்திருக்கிறார்.

உள்ளே யார் எதற்குப் பொறுப்பு என்பது வேறு கேள்வி, அது எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஒவ்வொரு கோப்பிலும் மாதத்துக்கு ஒரு தாள் இருக்கிறது. மூன்று வரிகள்: செய்தவர், பார்த்தவர், பணத்தை விடுவித்தவர். ஒவ்வொன்றிலும் திகதியும் சுருக்கொப்பமும். செய்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் வரக்கூடாது. "நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்கோ" என்று கொடுத்த வேலையை இரண்டு பேரும் மற்றவர் பார்ப்பார் என்றே விட்டிருப்பார்கள்.

பிழை ஒன்று வெளியே போனால் அந்தத் தாளைத்தான் எடுப்போம். ஒரு முறை ஈ.பி.எப் பணம் பிந்திப் போனது. பிந்தினால் மிகைக் கட்டணம் உண்டு. பத்து நாளுக்குள் என்றாலும் 5 வீதம், பிந்தப் பிந்தக் கூடி 50 வீதம் வரை போகும். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், ஊழியரிடம் வெட்ட முடியாது. மேலே சொன்ன 207,000 ரூபாவுக்கு 5 வீதம் என்றால் 10,350 ரூபா. தாளை எடுத்துப் பார்த்தோம். செய்தவர் 18ஆம் திகதியே முடித்து ஒப்பம் வைத்திருந்தார். "பார்த்தவர்" என்ற வரி வெறுமையாக இருந்தது. அது என் வரி. அந்தக் கோப்பு என் மேசையில் இரண்டு கிழமை கிடந்திருக்கிறது. அன்று அந்தத் தாள் இருந்திராவிட்டால் அலுவலகத்தில் எல்லோரும் இளையவரைத்தான் பார்த்திருப்பார்கள்.

அதன் பிறகு ஒரு விதி சேர்த்தோம். பார்ப்பதற்கு என்று என்னிடம் வந்த கோப்பை இரண்டு வேலை நாளுக்குள் நான் திருப்பிக் கொடுக்காவிட்டால், தங்கச்சி வந்து கேட்க வேண்டும். கேட்கலாம் என்று இல்லை, கேட்க வேண்டும். அப்படி எழுதி வைத்தால்தான் கேட்பார்கள்.

வங்கிக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால் வேலை சுகமாகப் போகுமே?

கொடுக்க வேண்டாம். இணைய வங்கிக் கணக்கில் ஒருவர் உள்ளிடவும் இன்னொருவர் அங்கீகரிக்கவும் தனித்தனிப் பயனர்களை வங்கியிடம் கேட்டு எடுக்கலாம். தங்கச்சி தன் பெயரில் உள்ளிடட்டும், வாடிக்கையாளர் தன் பெயரில் அங்கீகரிக்கட்டும். கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் பணம் தவறிப் போன நாளில் எந்தத் தவறும் செய்யாத பிள்ளையும் தன்னை நிரூபிக்க முடியாமல் நிற்கும்.

வேலையைக் கொடுத்துவிட்டேன். ஆனால் முதலாளி இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். என்ன செய்வது?

முதல் மாதம் மட்டும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் அறிமுகப்படுத்துங்கள். வட்ஸ்அப்பில் இலக்கத்தை அனுப்புவது போதாது. "உங்கட சம்பளக் கணக்கு இனி இவதான் பார்க்கிறா, கேட்க இருக்கிறதை இவவிட்டயே கேளுங்கோ" என்று அவர் முன்னால் சொல்லுங்கள்.

அதன் பிறகும் கூப்பிடுவார்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாய் நுனியில் நிற்கும். சொல்லிவிடாதீர்கள். "ஓம் அண்ணை, அவவிட்டச் சொல்லுறன், பத்து நிமிசத்தில எடுப்பா" என்று சொல்லித் தங்கச்சியைக் கூப்பிட விடுங்கள். மூன்று நான்கு தரம் இப்படி நடந்த பிறகு அவர் நேரே தங்கச்சியைக் கூப்பிடத் தொடங்குவார். முதலாளி உங்களிடம் ஒரு மாற்றத்தைச் சொல்லி, நீங்கள் தங்கச்சிக்குச் சொல்ல மறந்தால், அந்தப் பிழைக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் அவமானம் அவருக்குத்தான்.

எவ்வளவு காலம் இப்படிப் பார்ப்பது? எப்போது விடுவது?

மூன்று இடங்களையும் ஒரே மாதிரி விட முடியாது. ஆட்கணக்கை மூன்று மாதம் தொடர்ந்து சரியாகக் கொண்டு வந்தால் முதல் இடத்தை நான் விட்டுவிடுவேன். அதன்பின் அவர் தாளில் தானே ஒப்பம் வைப்பார், நான் எதிர்பார்க்கும் எண்ணுக்கு வேண்டிய மாற்றங்களை அந்தத் தாளிலிருந்து எடுப்பேன்.

இரண்டாவது இடத்தை விடுவதில்லை. பணம் வெளியே போகும் முன் இரண்டாவது கண் பார்ப்பது இளையவருக்காக வைத்த ஒழுங்கு இல்லை. நான் செய்யும் பட்டியலையும் இன்னொருவர் பார்த்துத்தான் விடுகிறார். இதை அவருக்குச் சொல்லுங்கள், உங்கள் கோப்பை ஒரு நாள் அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தங்கச்சி என் கோப்பில் விலகிய ஒருவரின் பெயர் இன்னும் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்குப் பிறகு நான் அவருடைய கோப்பைப் பார்ப்பது அவருக்கு ஒரு விடயமாகவே இல்லை.

சம்பள உயர்வு வரும் மாதம், புது வாடிக்கையாளர், சட்டத்தில் மாற்றம் என்று ஏதாவது வந்தால் விட்ட இடங்களையும் ஒரு மாதத்துக்குத் திரும்பப் பார்க்கிறேன். ஏன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

நல்லூர்த் திருவிழா நேரம் அவ லீவு கேட்கிறா. அதே நேரம்தான் ஆடி மாத ஈ.பி.எப். நானே எடுத்துச் செய்துவிடவா?

வேண்டாம். 25 நாள் திருவிழாவில் தேருக்கும் தீர்த்தத்துக்கும் லீவு வரும் என்பது பஞ்சாங்கம் வந்த நாளிலேயே தெரியும். ஆடித் தொடக்கத்தில் நாட்காட்டியை வைத்துக்கொண்டு "நீங்கள் இல்லாத நாட்களில் இந்தக் கோப்பு எந்த நிலையில இருக்கும்?" என்று அவரிடமே கேளுங்கள். உள் திகதியை 20இலிருந்து 14க்குக் கொண்டுவருவதா, பணம் கட்டும் ஒரு படியை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதா என்று அவர் திட்டம் சொல்லட்டும். மாதக் கடைசி நாள் ஞாயிறாகவோ போயா விடுமுறையாகவோ இருந்தால் அதையும் அவர் கணக்கில் எடுத்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். போன வருடம் எங்கள் தங்கச்சி 12ஆம் திகதியே பற்றுச்சீட்டைக் கோப்பில் போட்டு, தாளில் என் ஒப்பத்தையும் வாங்கிக்கொண்டுதான் தேர் பார்க்கப் போனார்.